மாணவியரிடம் மாதவிடாய் பற்றிப் பேசுவது எப்படி: ஆசிரியைகளுக்கான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவியரிடம் மாதவிடாய் பற்றிப் பேசவிருக்கும் ஆசிரியைக்காக எழுதப்பட்டது. பல ஆண்டுகளாக நானே பேசியும், புதிதாகப் பேசத் தொடங்கும் ஆசிரியைகளின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனித்தும் வந்ததில், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இந்தப் பேச்சு வழுக்குவதைக் கண்டேன். கருப்பையின் படம் வரைவதிலேயே பாதி நேரம் போய்விடும். சுத்தம் பற்றிய அறிவுரையில் மீதி போகும். மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்ற பகுதி, மணி அடிக்கும்போது “அதிகமா போனா டாக்டரைப் பாருங்க” என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும். எது அதிகம் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதை அவளே அறியும்படி செய்வதற்காகவே கீழ்க்காணும் வரிசை அமைந்துள்ளது.

1. முதலில் கழிவறைக்குப் போய்ப் பாருங்கள்

பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே மாணவியர் கழிவறையை மதிய இடைவேளை முடிந்த நேரத்தில் நீங்களே சென்று பாருங்கள். உள்தாழ்ப்பாள் விழுகிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, நாப்கின் எரியூட்டி இருந்தால் அது வேலை செய்கிறதா, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்ற ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும் என்பதால்தான் மதியத்தைச் சொல்கிறேன்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், தாழ்ப்பாள் இல்லாத கழிவறையை வைத்துக்கொண்டு “மதியம் நாப்கினை மாற்றுங்கள்” என்று சொல்லும் ஆசிரியையின் மற்ற சொற்களையும் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பல மாணவியர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் இந்தக் கழிவறைக்குப் பயந்துதான். அதனால் வரும் சிறுநீர்க் கடுப்பை மாதவிடாயின் வலி என்று எண்ணிக்கொள்கிறவர்களும் உண்டு. சரிசெய்ய வேண்டியவற்றைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, தாழ்ப்பாளையும் தொட்டியையுமாவது பேச்சு நாளுக்கு முன் சரிசெய்துவிடுங்கள்.

2. பேச்சை இரண்டு வகுப்புகளாகப் பிரியுங்கள்

ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளி வேண்டும். முதல் வகுப்பில் பிள்ளைகள் குறிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்; இரண்டாம் வகுப்புக்கு வரும்போது அவர்கள் கையில் சொந்தக் குறிப்பு இருக்கிறது. மருத்துவரைப் பற்றிய பேச்சு அந்தக் குறிப்பின் மேல் நடந்தால்தான் பயன்படும்.

ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். ஆறு, ஏழாம் வகுப்பினரை ஒரு குழுவாகவும் எட்டு, ஒன்பதாம் வகுப்பினரை மற்றொரு குழுவாகவும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரிய பிள்ளைகள் முன்னிலையில் சிறியவர்கள் வாய் திறப்பதில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரை இரண்டாம் வகுப்புக்கு அழைப்பது நல்லது. அவர் முகம் பழகிவிட்டால் பிறகு நிலையத்துக்குப் போவது எளிதாகிறது.

முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை அதிகமில்லை: சில நாப்கின்கள், துவைத்த பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்று, ஓர் உள்ளாடை, பழைய செய்தித்தாள், பீட்ரூட் வேகவைத்த சிவப்பு நீர் ஒரு டம்ளர், 5 மில்லி கொள்ளும் தேக்கரண்டி, ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு நாட்காட்டித் தாள், ஒரே அளவில் கிழித்த சீட்டுகள், மூடியுள்ள ஓர் அட்டைப்பெட்டி.

3. முதல் ஐந்து நிமிடம்: கை தூக்கச் சொல்லாதீர்கள்

புதிதாகப் பேசும் ஆசிரியைகள் நல்லெண்ணத்தோடு செய்யும் மிகப் பெரிய தவறு, “யாரெல்லாம் வயசுக்கு வந்துட்டீங்க, கை தூக்குங்க” என்று தொடங்குவதுதான். அந்த நொடியிலேயே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வந்தவர்கள் தலை குனிவார்கள், வராதவர்கள் தங்களுக்கு ஏதோ குறை இருப்பதாக எண்ணுவார்கள், வீட்டில் சடங்கு செய்யாமல் மறைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருக்கும். யாரைப் பற்றியும் கேட்காமல், எல்லோருக்கும் ஒன்றுபோலவே பேசுங்கள்.

அடுத்து, சொற்களை மேசைமேல் வையுங்கள். “தூரம்”, “தலைக்குக் குளிச்சிருக்கேன்”, “மாதவிலக்கு”, “பீரியட்ஸ்” என்று வீட்டிலும் வகுப்பிலும் வழங்கும் சொற்களை நீங்களே கரும்பலகையில் எழுதி, இவை எல்லாம் குறிப்பது ஒன்றையே என்றும், மருத்துவரிடமும் நம் வகுப்பிலும் “மாதவிடாய்” என்ற சொல்லைப் பயன்படுத்துவோம் என்றும் சொல்லுங்கள். சிரிப்பு வரும், வந்து ஓயட்டும். நீங்கள் அதட்டினால் சிரிப்போடு கேள்விகளும் நின்றுவிடும்.

4. உடலைப் பற்றிப் பத்து நிமிடம் போதும்

கவிழ்த்த பேரிக்காயைப் போன்ற கருப்பை, இருபுறமும் கருமுட்டைப்பைகள், கீழே பிறப்புறுப்பு வழி, இவ்வளவு வரைந்தால் போதும். ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது, கரு உருவாகாதபோது அந்தச் சுவர் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது, அதை வெளியே தள்ளக் கருப்பை சுருங்குவதால்தான் அடிவயிறு வலிக்கிறது என்று சொல்லுங்கள். “கெட்ட இரத்தம்” என்ற சொல்லை இங்கேயே நீக்கிவிட வேண்டும். அது கெட்டதென்று நம்பும் பிள்ளை, எவ்வளவு போனாலும் நல்லதுதானே என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

சிறுநீர் வரும் துவாரமும் மாதவிடாய் வரும் வழியும் வேறுவேறு என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் இது தெரியாத மாணவியர் இருக்கிறார்கள். சிறுநீர் கழித்தால் நாப்கின் நனைந்துவிடும் என்றெண்ணி அடக்கி வைத்திருந்த ஒரு பிள்ளையை நான் அறிவேன்.

5. நாட்காட்டியைக் குறிக்கக் கற்றுக்கொடுங்கள்

முதல் வகுப்பின் மையம் இதுதான். இருபது நிமிடமாவது கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் நாட்காட்டித் தாளைக் கொடுத்து, இரத்தம் தோன்றும் முதல் நாளைச் சுற்றி வட்டம் போடவும், தொடர்ந்து வரும் ஒவ்வொரு நாளிலும் ஒரு புள்ளி வைக்கவும், எத்தனை நாப்கின் அல்லது துணி மாற்றினோம் என்ற எண்ணைப் புள்ளியின் அருகில் எழுதவும் சொல்லுங்கள். வலியால் பள்ளிக்கு வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இன்னும் தொடங்காதவர்களுக்கும் தாள் உண்டு. தொடங்கும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணும் முறையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். பிள்ளைகளும் தாய்மார்களும் இரத்தம் நின்ற நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு மாணவிக்கு மாதத்தின் 3-ஆம் தேதி தொடங்கி 9-ஆம் தேதி முடிகிறது, அதே மாதம் 25-ஆம் தேதி மறுபடியும் வருகிறது. நின்ற நாளிலிருந்து எண்ணினால் பதினாறே நாளில் வந்துவிட்டதாகவும், ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்ததாகவும் தோன்றி வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். முதல் நாளிலிருந்து முதல் நாள் வரை எண்ணினால் 22 நாள். அது இயல்பானதே.

தொடங்கிய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 21 நாள் முதல் 45 நாள் வரை எந்த இடைவெளியும் இயல்பு. ஜூன் 4, ஜூலை 9, ஆகஸ்ட் 20, செப்டம்பர் 12 என்று வட்டமிட்டிருக்கும் தாளைக் காட்டி எண்ணச் சொன்னால் 35, 42, 23 என்று வரும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் மூன்றுமே எல்லைக்குள்தான் இருக்கின்றன. “28 நாள்” என்று புத்தகத்தில் படித்துவிட்டுத் தனக்கு நோய் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதல். இரத்தப்போக்கு இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம் என்பதையும் இதே இடத்தில் எழுதிப் போடுங்கள்.

தாளை வீட்டில் யாரும் பார்க்கக்கூடும் என்று தயங்குகிறவர்கள் வட்டத்துக்குப் பதிலாகக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை மட்டும் எழுதலாம். நீங்கள் ஒருபோதும் தாள்களைத் திரட்டிப் பார்க்காதீர்கள். அது அவளுடைய தாள். காட்ட விரும்பினால் அவளே காட்டட்டும்.

6. இரத்தத்தின் அளவைக் கண்ணால் காட்டுங்கள்

ஒரு நாப்கினை மேசைமேல் விரித்து, பீட்ரூட் நீரை ஒரு தேக்கரண்டி மட்டும் அதன்மேல் ஊற்றுங்கள். 5 மில்லி என்பது சிறிய அளவுதான் என்றாலும் கறை அகலமாகப் பரவும். ஒரு மாதவிடாயில் மொத்தமாக வெளியேறுவது பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி வரைதான், அதாவது ஆறு முதல் எட்டுத் தேக்கரண்டி. உடலிலுள்ள இரத்தமெல்லாம் போய்விடுவதாக அஞ்சும் பிள்ளைக்கு இந்தக் காட்சி போதும். 80 மில்லியைத் தாண்டினால் அது மிகை.

வீட்டில் யாரும் மில்லியில் அளக்க முடியாது என்பதால்தான் நாப்கின் எண்ணிக்கையை எழுதச் சொல்கிறோம். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, நனைந்த அளவும் தெரிய வேண்டும். பாதி நனைந்ததைச் சுத்தம் கருதி மாற்றுவதும், ஒரு மணி நேரத்தில் முழுவதும் நனைந்து பாவாடையில் படுவதும் ஒன்றல்ல. முழுவதும் நனைந்து மாற்றினால் எண்ணைச் சுற்றி ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்.

7. நாப்கின், துணி, மாற்றும் நேரம்

நாப்கினை உள்ளாடையில் ஒட்டிக் காட்டுங்கள். ஒட்டும் பக்கம் உள்ளாடையின் மேல், பஞ்சுப் பக்கம் உடலை நோக்கி. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று சில ஆசிரியைகள் கேட்கிறார்கள். ஒட்டும் பக்கத்தை உடலில் ஒட்டிக்கொண்டு வலியோடு வீட்டுக்குப் போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டு. யாரும் அவர்களுக்குச் செய்து காட்டவில்லை.

நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், போக்கு குறைவாக இருந்தாலும் மாற்ற வேண்டும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து தோலில் புண்ணையும் அரிப்பையும் உண்டாக்கும் என்பதே காரணம். காலை எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது; ஆகவே பள்ளியில் மதிய இடைவேளையில் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். முதல் பிரிவில் கழிவறையைச் சரிசெய்யச் சொன்னது இதற்காகத்தான்.

“நாள் முழுக்க ஒண்ணே வைக்காதீங்க” என்று கண்டிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட் வழங்கப்படுகிறது. பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின், மொத்தம் பதினெட்டு. மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள் போக்குக்கு நாளொன்றுக்கு நான்கு வீதம் இருபது தேவைப்படும். கடையில் வாங்க வழியில்லாத பிள்ளை மிச்சப்படுத்துவதற்காகவே நாள் முழுக்க ஒன்றை வைத்திருக்கிறாள். அவளுக்குக் கண்டிப்பால் ஒரு பயனும் இல்லை. பள்ளி நேரத்துக்கு நாப்கின், வீட்டிலும் இரவிலும் சுத்தமான துணி என்று பங்கிட்டுக்கொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்.

அதனால் துணியைத் தாழ்வாகப் பேசாதீர்கள். நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி பாதுகாப்பானதே. முதலில் குளிர்ந்த நீரில் அலச வேண்டும், ஏனெனில் சுடுநீர் பட்டால் கறை படிந்துவிடும். பிறகு சோப்பு போட்டுத் துவைத்து, நேரடி வெயிலில் முழுவதும் காய வைக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நேர்வது காயவைக்கும் இடத்தில்தான். யார் கண்ணிலும் படக்கூடாதென்று கட்டிலுக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் காயப்போட்டால் அது ஈரம் ஏறிக் கிருமி வளரும் துணியாகிவிடும். கொடியில் போட்டு அதன்மேல் மெல்லிய துப்பட்டாவை விரித்துவிட்டால் மறைவும் கிடைக்கும், காற்றும் வெப்பமும் படும். காய்ந்ததைத் துணிப்பையில் வைக்க வேண்டும். விறைத்துப்போனதையும் நீர் உறிஞ்சாததையும் கழித்துவிட வேண்டும்.

பயன்படுத்திய நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றித் தொட்டியில் போடுவதை ஒருமுறை செய்து காட்டுங்கள். கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைத்து, அடுத்த வாரம் அந்தக் கழிவறையே பூட்டப்படும்.

8. கழுவுவதும் வெள்ளைப்படுதலும்

மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். மலத்துவாரத்தின் கிருமிகள் முன்னே வராமலிருக்க இந்தத் திசை முக்கியம். உள்ளே சோப்போ கிருமிநாசினியோ விடக்கூடாது, பவுடர் போடக்கூடாது. மாதவிடாய் நாட்களில் தினமும் குளிக்கலாம், தலைக்கும் குளிக்கலாம்.

பிறகு வெள்ளைப்படுதலை நீங்களே எடுத்துப் பேசுங்கள், ஏனென்றால் அதைப் பற்றி வாய்விட்டுக் கேட்க மாணவியர் மிகவும் கூசுகிறார்கள். நிறமற்றதாகவோ வெண்மையாகவோ, நாற்றமோ அரிப்போ இல்லாமல் வருவது இயல்பு. மாதவிடாய் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அது தோன்றலாம். அதனால் எலும்பு உருகாது, உடல் இளைக்காது. மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், தயிர்த்திரள் போல வந்தாலும், நாற்றம், அரிப்பு, எரிச்சல் இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

9. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இது இரண்டாம் வகுப்பின் பாடம். ஆனால் அன்றே போக வேண்டிய நிலைகளை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: தொடர்ந்து சில மணி நேரம், மணிக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைவது, இரத்தப்போக்கோடு மயக்கம் வருவது, தாங்க முடியாத திடீர் வயிற்றுவலி. இவற்றில் எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் வகுப்பில், பிள்ளைகள் தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு எல்லையையும் நிதானமாகச் சொல்லுங்கள். இரத்தப்போக்கு எட்டு நாள் அல்லது அதற்குமேல் நீடிப்பது. இடைவெளி 21 நாளுக்குக் குறைவாகவோ 45 நாளுக்கு மேலாகவோ திரும்பத் திரும்ப வருவது. ஒருமுறையேனும் 90 நாள் வரை வராமல் இருப்பது. கட்டமிட்ட எண்கள் நாள்தோறும் நிறைந்திருப்பது, பெரிய நாணய அளவுக்குக் கட்டிகள் வருவது. மாதந்தோறும் பெருக்கல் குறி விழும் அளவுக்கு வலிப்பது, அல்லது மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலிப்பது. எட்டு வயதுக்கு முன்பே தொடங்குவதும், பதினைந்து வயது முடிந்தும் தொடங்காமலிருப்பதும், பதின்மூன்று வயதிலும் மார்பக வளர்ச்சி தொடங்காமலிருப்பதும் காட்டப்பட வேண்டியவை.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானோர் விட்டுவிடும் ஒரு நிலையைத் தனியே சொல்ல வேண்டும். உடல் வளர்ந்த, இன்னும் மாதவிடாய் தொடங்காத பெண்ணுக்கு மாதாமாதம் சில நாள் அடிவயிறு வலித்து அடங்கினால், சில வேளை சிறுநீர் கழிக்கவும் சிரமப்பட்டால், உள்ளே இரத்தம் உதிர்ந்தும் வழியை ஒரு சவ்வு முழுவதும் மூடியிருக்கக்கூடும். சிறிய அறுவைச் சிகிச்சையில் சரியாகிவிடும். தள்ளிப்போட்டால் இரத்தம் உள்ளேயே தேங்கும்.

வலிக்கு முதல் இரண்டு நாள் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுக்கலாம். மாத்திரை பற்றி ஆசிரியை சொல்ல வேண்டியது ஒன்றே: மருந்துக்கடையில் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது, மருத்துவர் எழுதிக்கொடுத்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் சொன்ன அளவில் மட்டும் போட வேண்டும்.

எண்கள் எப்படி உதவுகின்றன என்பதை ஒரு பிள்ளையின் கதையால் விளக்குகிறேன். எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. காலை இறைவணக்கத்தில் இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றே நாங்கள் நினைத்தோம். இரண்டாம் வகுப்பு முடிந்ததும் தாளோடு என்னிடம் வந்தாள். பதினொரு நாள் புள்ளிகள். முதல் மூன்று நாளும் நாளொன்றுக்கு ஏழு, எட்டு, அத்தனையும் கட்டத்துக்குள். முதல் வட்டத்திலிருந்து பத்தொன்பதாம் நாள் அடுத்த வட்டம், மறுபடியும் பத்து நாள்.

அவளுடைய அம்மாவை அழைத்துப் பேசியபோது, “முதல் ரெண்டு வருசம் அப்படித்தான் டீச்சர் முன்னப்பின்ன இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. தேதி முன்பின்னாக வருவது அந்த வயதுக்கு இயல்பு. இவ்வளவு இரத்தம் இவ்வளவு நாள் போவது எந்த வயதுக்கும் இயல்பல்ல. இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடுவதால்தான் பல பிள்ளைகள் மாதக்கணக்கில் இரத்தத்தை இழக்கிறார்கள். நான் அவரோடு வாதிடவில்லை. போக்கு நீடித்த நாள், இடைவெளி, நாளொன்றுக்கு முழுவதும் நனைந்த நாப்கின், தலைசுற்றிய தேதிகள் என்று நான்கு வரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இதை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6 கிராம் என்று வந்தது. அந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது, 8-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை. அன்றே பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தொடங்கியது முதலே அதிகமாகப் போகும் பிள்ளைகளுக்கு இரத்தம் உறைவதில் குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அவளுக்கு அது இல்லை. கருமுட்டை ஒழுங்காக வெளிவராததால் உள்சுவர் அளவுக்கு மீறித் தடித்து உதிர்ந்ததே காரணம் என்றார்கள். போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த மாத்திரையால் பின்னாளில் குழந்தை பிறக்காதோ என்று அம்மா என்னிடம் கேட்டார். மருந்து பற்றிய கேள்விக்கு ஆசிரியை பதில் சொல்லக் கூடாது. அந்தக் கேள்வியையே தாளில் எழுதி மருத்துவரிடம் கேட்கச் செய்தேன், அவர் விளக்கிய பிறகே அம்மா மருந்தைத் தொடர்ந்தார். நான்கு மாதம் கழித்து அவள் தாளில் ஆறு புள்ளிகள், இரண்டே கட்டங்கள்.

தாய்மார்கள் தயங்குவதற்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு: கல்யாணமாகாத பெண்ணை உள்ளே சோதிப்பார்களோ என்ற அச்சம். இந்த வயதுப் பிள்ளையிடம் மருத்துவர் பெரும்பாலும் கேள்வி கேட்பார், கண்ணையும் வயிற்றையும் பார்ப்பார், இரத்தம் எடுப்பார், தேவைப்பட்டால் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்து வயிற்றின்மேல் ஸ்கேன் வைப்பார். உள்ளே சோதிப்பது அரிதாகவே தேவைப்படும், தேவைப்பட்டாலும் அம்மாவிடமும் பிள்ளையிடமும் கேட்டே செய்ய வேண்டும். இதைச் சொன்னால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். இரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது.

10. சீட்டுப் பெட்டி

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டைக் கொடுத்து, கேள்வி இருப்பவர் கேள்வியையும், இல்லாதவர் ஆத்திசூடியின் ஒரு வரியையும் எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். கேள்வி உள்ளவர் மட்டும் எழுதினால், யார் எழுதுகிறார்கள் என்று மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். எல்லோர் பேனாவும் ஓடினால்தான் கூச்சமுள்ள பிள்ளை எழுதுவாள். சீட்டுகளை வகுப்பிலேயே பிரித்துப் படிக்காமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று வகைபிரித்து, மறுநாள் பதில் சொல்லுங்கள். கையெழுத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள்.

வழக்கங்கள் பற்றிய கேள்விகள் பெட்டியில் நிறைய வரும்: கோயிலுக்குப் போகலாமா, ஊறுகாயைத் தொட்டால் கெட்டுவிடுமா, தனியே உட்காரச் சொல்கிறார்களே. வீட்டு நம்பிக்கையோடு நீங்கள் மோதினால் அடுத்த நாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள், பேச்சே நின்றுவிடும். உடலுக்குக் கேடு தருவதை மட்டும் உறுதியாக மறுங்கள்: குளிக்காமல் இருப்பது, தண்ணீரும் சாப்பாடும் குறைப்பது, துணியை இருட்டில் காயவைப்பது, பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது. மற்றவற்றுக்கு, தொட்டதால் எந்தப் பொருளும் கெடுவதில்லை என்ற உண்மையைச் சொல்லிவிட்டு, வழிபாடு பற்றிய முடிவை வீட்டோடு பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

சில சீட்டுகள் வேறு மாதிரி இருக்கும். யாரோ தொடுவதாக, அல்லது அப்படி நடந்த பின் மாதவிடாய் நின்றுவிட்டதாக எழுதியிருந்தால், அல்லது ஒரு பிள்ளை நேரில் சொன்னால், “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். மேலும் மேலும் கேள்வி கேட்டு விசாரிக்காமல், அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, “உன் மேல தப்பு இல்லை கண்ணு, உதவி செய்றவங்ககிட்ட நாம சொல்லணும்” என்று சொல்லி, தலைமையாசிரியரோடு சேர்ந்து அன்றே காவல்துறைக்கோ 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள்.

11. பேச்சுக்குப் பிறகு

ஆசிரியைகள் அறையிலல்லாமல், மாணவியர் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு டப்பாவில் பத்து நாப்கினும் செய்தித்தாளும் வையுங்கள். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். முதல் வாரம் எல்லாம் காணாமல் போகும். அது திருட்டல்ல, வீட்டில் இல்லை என்பதன் அடையாளம். மறுபடியும் நிரப்புங்கள், இரண்டாம் மாதத்தில் தானே சீராகிவிடும்.

வாரம் ஒருமுறை பள்ளியில் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகு உங்கள் கண்முன் விழுங்கச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்த ஒரு பிள்ளையைப் பார்த்து, வகுப்பே அடுத்த வாரம் மாத்திரையை வேலிக்கு வெளியே எறியும். மலம் கறுத்துப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து உடலில் சரியாக ஏறாது.

மருத்துவரிடம் போகச் சொன்ன பிள்ளைகளின் பட்டியல் உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும், வகுப்புப் பதிவேட்டில் வேண்டாம். பத்து நாள் கழித்து ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, “போனீங்களா?” என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அம்மாவுக்குக் கூலி வேலை விடுப்பு கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். அப்போது பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் அடுத்த வருகைத் தேதியைக் கேட்டு, அன்று அம்மாவையும் வரச் சொல்லிவிடுங்கள்.